அறுபது நாளுக்கு முன்னால் ஒரு புள்ளி

பிரிட்ஜ் கதவைத் திறந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பித்தப்பையில் கல்லை எடுத்து, ஆஸ்பத்திரியில் ஐந்து நாளும் அக்கா வீட்டில் நான்கு வாரமும் கிடந்துவிட்டு, அன்றைக்குத்தான் வீட்டுக்குள் காலெடுத்து வைத்திருந்தாள். வயிற்றில் தையல் போட்ட இடம் இன்னும் இழுத்தது. தண்ணீர் குடிக்கலாம் என்று திறந்தால், உள்ளேயிருந்து ஒரு நாற்றம் கை நீட்டி மூக்கைப் பிடித்தது. மீன் வைத்த டப்பாவின் மூடி உப்பியிருந்தது. பால் திரிந்து, பாக்கெட்டின் ஓரம் வழியாகக் கசிந்து, கீழே காய்கறித் தட்டில் பச்சையாகத் தேங்கியிருந்தது.

"ஒண்ணுமில்ல, ரெண்டு நாள் கரெண்ட் இல்ல. அதான்," என்றான் கணவன், கையில் இருந்த பையைக் கீழே வைக்காமலே.

"தெருவுக்கேவா?"

"தெருவுக்கு இருந்துச்சு. நமக்கு மட்டும் பீஸைப் புடுங்கிட்டுப் போயிட்டான். கட்டுறதுக்கு ஒரு நாள் தாண்டிடுச்சு. அப்புறம் கட்டி, அதுக்கு மேல தண்டம் கட்டி, போட வெச்சாச்சு. விடு."

அவள் விடவில்லை. ஆனால் எதுவும் சொல்லவும் இல்லை. பேசுவதைவிடப் பார்ப்பது அவளுக்கு எப்போதும் சுலபம். ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் கூடும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுவாள். ஒரு லாட்ஜின் சலவைக் கூடத்தில் பதினோரு வருஷமாக வேலை. யார் யாரோ படுத்து எழுந்த விரிப்புகளைப் பிரித்து, உதறி, கறையைப் பார்த்து வகை பிரிப்பாள். ரத்தக் கறைக்குக் குளிர்ந்த தண்ணீர், எண்ணெய்க்குச் சுடுதண்ணீர், வாந்திக்கு முதலில் சோடா. தலையணை உறைக்குள் விரலை விட்டால் என்ன வேண்டுமானாலும் வரும். அதற்கெல்லாம் அவளுக்குக் குமட்டியதே இல்லை. துணி அழுக்கு துணியோடு போகும், தண்ணீரில் கரையும். அவளுக்குக் குமட்டுவது ஒரே ஒரு சொல். கணவன் வாயிலிருந்து நாளுக்குப் பத்து தடவை வரும் சொல். 'பாத்துக்கலாம்.'

மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு பிரிட்ஜைக் கழுவி முடித்தபோதுதான் அடுப்படிச் சுவரைப் பார்த்தாள். ஆணி மட்டும் இருந்தது. காலண்டர் இல்லை.

அந்தக் காலண்டர்தான் அவளுக்குக் கணக்கு, படிப்பு எல்லாம். சலவைக் கூடத்தில் அவளைக் 'காலண்டர் அக்கா' என்றே கூப்பிடுவார்கள். கடைசித் தேதிக்கு நேராக அவள் எதையும் எழுதமாட்டாள். அதற்கு முன்னால், ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு தூரத்தில், ஒரு புள்ளி வைப்பாள். வாடகைக்கு இரண்டு நாள் முன்னால். ஐந்தாம் தேதி மாடியில் இருக்கும் வீட்டுக்காரர் கையில் ரொக்கமாகக் கொடுக்க வேண்டும். சம்பளமே ஒன்றாம் தேதிதான் வருகிறது, அதற்கும் முன்னால் நினைவுபடுத்திப் பிரயோஜனமில்லை. ஒரு நாள் பணம் எடுக்க, ஒரு நாள் அவர் வீட்டில் இருக்கிறாரா என்று பார்க்க. மின்சாரத்துக்கு ஏழு நாள். அது மட்டும்தான் எவ்வளவு வரும் என்று முன்கூட்டித் தெரியாத பில். அதிகம் வந்துவிட்டால் ஒரு வாரத்தில் வேறு ஏதாவது செலவைச் சுருக்கலாம். மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு நாற்பது நாள். மாதாமாதம் தன் பேரில் உள்ள வங்கிக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வருவாள். நாற்பது நாளுக்கு முன்னால் எடுத்துப் பார்த்தால், எவ்வளவு குறைகிறது என்று தெரியும், அதை இரண்டு சம்பளத்தில் நிரப்பலாம். அதோடு பள்ளியில் கட்டணம் வாங்கும் ஜன்னல் காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரைதான் திறந்திருக்கும். லீவுக்கு ஒரு வாரம் முன்பே சலவைக் கூடத்து மேஸ்திரியிடம் சொல்லிவைக்க வேண்டும்.

இன்சூரன்ஸுக்கு அறுபது நாள். கணவனுடைய உயிருக்குப் போட்டது. வருஷத்துக்கு ஒரு தடவை, ஒன்றரை மாதச் சம்பளத்தை ஒரே மூச்சில் கேட்கும். அவன் சரக்கு வேன் ஓட்டுகிறவன். பாலிசி போடும்போது ஆள் இரும்பு மாதிரி இருந்தான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் சர்க்கரை வந்தது. அதற்கப்புறம் அந்தப் பாலிசியை அவள் பார்க்கும் பார்வையே மாறிவிட்டது. இது அறுந்துபோனால் இதே மாதிரி இன்னொன்று கிடைக்காது என்பது அவளுக்குத் தெரியும்.

அந்தப் பாலிசித் தாளில் இன்னொன்றும் இருந்தது. தேதி தாண்டினால் முப்பது நாள் சலுகை. அதை அவள் எழுத்துக்கூட்டிப் படித்த அன்றைக்கே மனசுக்குள் பூட்டிவைத்துவிட்டாள். கணவனிடம்கூடச் சொன்னதில்லை. சொன்னால், அந்த முப்பதாம் நாள்தான் அவனுக்குக் கடைசித் தேதி ஆகிவிடும்.

"காலண்டர் எங்க?" என்று கேட்டாள்.

"தம்பி கழட்டிட்டான். எல்லாத்தையும் போன்ல ஏத்திட்டான். இனிமே சுவத்தைப் பாக்க வேண்டாம், போனே கூப்பிட்டுச் சொல்லும்."

தம்பி என்றால் அவளுடைய கொழுந்தன். போன் கடையில் விற்பனை. ஊரில் எல்லாருக்கும் அவன் 'அப்டேட்டு'. யார் போனைப் பார்த்தாலும் "இன்னும் அப்டேட்டு பண்ணலையா?" என்று கேட்டுக் கேட்டு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவள் ஆஸ்பத்திரிக்குப் போனதும் அண்ணனுக்குத் துணையாக இருக்கிறேன் என்று வந்து உட்கார்ந்தவன், இன்னும் கூடத்தில்தான் படுத்திருந்தான். அவன் படுத்திருந்த பாய்க்குப் பக்கத்தில் மூன்று ஜோடி செருப்பு. அவற்றின் அடியில் அவளுடைய காலண்டரிலிருந்து கிழித்த தாள் விரித்திருந்தது. போன மாதத் தாள். அவள் வைத்த புள்ளிகளின் மேல் சேறும், நொறுக்குத்தீனி எண்ணெயும் அப்பியிருந்தன. ஓரத்தை இரண்டு விரலால் பிடித்து இழுத்தாள். நடுவில் கிழிந்து, தேதி இருந்த பாதி செருப்போடு ஒட்டிக்கொண்டது.

"அண்ணி, வந்துட்டீங்களா! உடம்பு எப்பிடி இருக்கு?" என்று எழுந்தான் அப்டேட்டு. "காலண்டரைத் தேடாதீங்க. நாலு பில்லையும் போட்டோ எடுத்து, தேதி போட்டு, அண்ணன் போன்ல ரிமைண்டர் வெச்சிருக்கேன். டான் டான்னு அடிக்கும்."

"கரெண்டுக்கு அடிக்கலையா தம்பி?"

"அடிச்சுதே! கடைசித் தேதிக்கு மொத நாள் காலையில கரெக்டா அடிச்சுது. அண்ணன் வண்டி ஓட்டிக்கிட்டிருந்தாரு, தள்ளிவிட்டுட்டாரு. அதுக்கு சாப்ட்வேர் என்ன பண்ணும்?"

"நான் ஹைவேஸ்ல இருந்தேன்டா," என்றான் கணவன். "கை பட்டதும் போயிடுச்சு. திரும்ப வரவே இல்ல."

"தள்ளிவிட்டா வராதுண்ணே. ஒத்திவைன்னு இருக்கும், அதைத் தட்டணும்."

இருவரும் சிரித்தார்கள். அவள் கையில் இன்னும் மீன் நாற்றம் இருந்தது. சோப்பு போட்டு மூன்றாம் தடவையாகக் கழுவப் போனாள்.

அன்றைக்குத் தேதி நாலு. சாயங்காலம் போன் கூவியது: 'வாடகை நாளைக்கு.' மறுநாள் கணவன் பணம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான். நல்லவேளையாக வீட்டுக்காரர் மாடியில் இருந்தார். "பாத்தியா?" என்பது போல அவளைப் பார்த்தான். வாடகைக்கு மட்டும் அது சரியாக அமைந்தது. அவளும் ஒப்புக்கொண்டாள்.

"இன்சூரன்ஸ்?" என்றாள்.

"அதுவும் போன்ல இருக்கு. ஒன்பதாம் தேதி."

"எந்த ஒன்பது?"

"இந்த ஒன்பதுதான். திங்கக்கிழமை. இன்னும் நாலு நாள் இருக்கு. பாத்துக்கலாம்."

அவள் அடுப்படிக்குப் போய் வெறும் ஆணியைப் பார்த்து நின்றாள். ஒன்பதுதான். ஆனால் போன மாதம் ஒன்பதில்லையா? ஆபரேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போகும்போது, தள்ளுவண்டியில் படுத்தபடி, "ஒன்பதாம் தேதி, காலண்டர்ல இருக்கு, மறந்துடாதீங்க" என்று சொன்ன ஞாபகம். மயக்க மருந்தில் மாதத்தைக் குழப்பிக்கொண்டேனோ? அறுபது நாளுக்கு முன்னால் புள்ளி வந்தது, பணம் எடுத்துவைத்தோம், கணவன் கணக்கில் முழுசாகச் சேர்ந்ததைப் பார்த்த பிறகுதானே ஆஸ்பத்திரியில் படுக்கப் போனேன்? தன் மேலேயே அவளுக்குச் சந்தேகம் வந்தது. பார்ப்பதற்குப் புள்ளி இருந்திருந்தால் சந்தேகம் வந்திருக்காது.

பரணிலிருந்து ரசீது டப்பாவை இறக்கினாள். இறக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். போன வருஷ ரசீது மேலேயே இருந்தது. 'அடுத்த தவணை செலுத்த வேண்டிய தேதி' என்ற இடத்தில் விரலை வைத்து எழுத்துக்கூட்டினாள். ஒன்பது. போன மாதம்.

இந்த மாதம் ஒன்பது என்பது, அவள் யாருக்கும் சொல்லாமல் பூட்டிவைத்திருந்த அந்த முப்பதாவது நாள்.

வெள்ளிக்கிழமை காலை இன்சூரன்ஸ் ஆபீசுக்குத் தனியாகப் போனாள். ஜன்னலுக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. வரிசையில் நின்றபோது, கேட்க வேண்டியதை மனசுக்குள் நாலு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். ஆனாலும் முறை வந்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ரசீதை மட்டும் நீட்டினாள்.

அந்த அம்மா எண்ணைத் தட்டிப் பார்த்தாள். "போன மாசமே கட்டியிருக்கணும். திங்கக்கிழமையோட சலுகை நாள் முடியுது."

"இப்ப... இது செத்துப்போச்சா மேடம்?"

"இல்லம்மா, இந்த முப்பது நாளும் உயிரோடதான் இருக்கும். வட்டிகூட இல்ல. திங்கக்கிழமைக்குள்ள கட்டலன்னா காலாவதி. அப்புறம் திரும்ப உயிர் குடுக்கணும்னா உடம்பு நல்லா இருக்குன்னு எழுதிக் குடுக்கணும், டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்க. உங்க வீட்டுக்காரருக்கு உடம்புக்கு ஏதாவது இருக்கா?"

"சர்க்கரை."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினாள். "அப்ப அந்த வம்புக்கே போகாதீங்க. கம்பெனி கூடுதலா பணம் கேக்கலாம், வேண்டாம்னும் சொல்லலாம். நாளைக்கு மத்தியானம் பன்னெண்டு வரைக்கும் இருப்போம். செக்கு குடுத்தா பணம் வந்து சேரணும், அதனால ரொக்கமா கொண்டாந்துடுங்க. ஞாயிறு லீவு. திங்கக்கிழமை வரைக்கும் இழுக்காதீங்க, அன்னைக்கு கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுச்சுன்னா நான் ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்து கணவனுக்குப் போன் செய்தாள். மூன்று தடவை அடித்த பிறகு எடுத்தான். பின்னால் லாரிச் சத்தம்.

"என்னங்க, இன்சூரன்ஸுக்கு எடுத்து வெச்ச பணம் வேணும். இன்னைக்கே."

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

"என்னங்க?"

"அது... தம்பிகிட்ட இருக்கு. ஏதோ பழைய போனுங்க மொத்தமா வந்துச்சாம், வாங்கி வித்தா நல்ல லாபம்னான். ஒன்பதாம் தேதி வரைக்கும் சும்மாதானே கெடக்குதுன்னு குடுத்தேன். எட்டாம் தேதி தந்துடுறேன்னிருக்கான். போன்லயே எட்டாம் தேதிதானே அடிக்கும். பாத்துக்கலாம், நீ டென்ஷனாகாதே, தையல் பிரிஞ்சுடப் போகுது."

போனை வைத்துவிட்டாள். வாயில் புளிப்பாக எச்சில் ஊறியது. தெருவோரம் துப்பலாமா என்று பார்த்து, ஆட்கள் நடப்பதால் விழுங்கினாள்.

அப்டேட்டு வேலை செய்யும் கடை பளபளவென்று இருந்தது. அவனுடைய சொந்தச் சரக்கோ கடைக்குப் பின்னால், கழிப்பறைக்குப் போகும் சந்தில், இரண்டு அட்டைப்பெட்டிகளில் இருந்தது. அவன் பெருமையாகத் திறந்து காட்டினான். நொறுங்கிய கண்ணாடிகள். காதில் வைக்கும் பக்கத்து ஓட்டைகளில் யார் யாருடையதோ காதழுக்கு, மெழுகு மாதிரி மஞ்சளாக. உறைகளின் உள்பக்கம் வியர்வை காய்ந்து வெள்ளை பூத்திருந்தது. ஒன்றின் மூலையில் ஒரு முடி சுற்றிக்கொண்டிருந்தது. லாட்ஜ் விரிப்பில் இதைவிட மோசமாக எத்தனையோ பார்த்தவள்தான். ஆனால் அவற்றை அவள் காசு கொடுத்து வாங்கியதில்லை.

"எத்தனை வித்துது தம்பி?"

"இப்பதானே தொடச்சுக்கிட்டிருக்கேன் அண்ணி. ஒண்ணு ரெண்டு கேட்டிருக்காங்க."

"வித்தது எத்தனை?"

"விக்கல. இன்னும்."

"பணத்தை எப்பிடி எட்டாம் தேதி குடுப்பே?"

"எட்டு இன்னும் வரலையே அண்ணி! இன்னைக்கு ஆறுதான். நீங்க ஏன் இப்பவே... அலாரமே அடிக்கல பாருங்க." அவன் குரலில் உண்மையான வியப்பு இருந்தது. அலாரம் அடித்தால் பணம் வந்துவிடும் என்று அவன் நிஜமாகவே நம்பினான்.

"கடைசித் தேதி போன மாசம். நீ போட்டது சலுகை முடியுற தேதி."

"அது எனக்குத் தெரியுமே! நோட்டீஸ்ல சின்ன எழுத்துல இருந்துச்சு. நீங்க வருஷா வருஷம் முப்பது நாள் முன்னாடியே கட்டித் தொலைச்சிருக்கீங்க. நான்தான் கண்டுபிடிச்சேன். அண்ணன்கூட அசந்துட்டாரு. எவ்வளவு நாள் வேஸ்ட்டுன்னு."

அவள் அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பூட்டிவைத்ததை உடைத்தது மட்டுமில்லை, உடைத்ததற்குக் கைதட்டலும் எதிர்பார்க்கிறான். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் நெஞ்சு ஆறியிருக்கும். திட்ட வரவில்லை. அவன் கை குலுக்க வருவது போல அந்த போன்களைத் துடைத்த கையை நீட்டி, "வாங்கண்ணி, டீ சாப்புடலாம்" என்றான். அவள் சேலைத் தலைப்பைச் சுருட்டிக்கொண்டு நடந்தாள்.

நடக்க நடக்கத்தான் யோசனை வந்தது. எந்தப் பணம் எங்கே இருக்கிறது என்பதல்ல, எந்தப் பணத்துக்கு எத்தனை நாள் இருக்கிறது என்று எண்ணினாள். வாடகை போயாயிற்று. மின்சாரம் தண்டத்தோடு போயாயிற்று. பள்ளிக் கட்டணம்? விரல் விட்டு எண்ணினாள். இன்றைக்குத்தான் சரியாக நாற்பதாவது நாள். காலண்டர் இருந்திருந்தால் இன்றைய கட்டத்தில்தான் அந்தப் புள்ளி இருந்திருக்கும். அவள் பேரில் உள்ள கணக்கில் முக்கால்வாசிப் பணம் சேர்ந்திருக்கும்.

மகளின் பணத்தில் இதுவரை அவள் கை வைத்ததில்லை. வங்கி வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள். இன்சூரன்ஸுக்கு மூன்று நாள் இருக்கிறது. ஒரு நாள் தாண்டினாலும் திரும்பி வராது. பள்ளிக்கு நாற்பது நாள் இருக்கிறது. நாற்பது நாளில் ஒருத்தன் கழுத்தைப் பிடித்தாவது வாங்கலாம். உள்ளே போய் முழுவதையும் எடுத்தாள். கொஞ்சம் குறைந்தது. மேஸ்திரியிடம் போய், தலையைக் குனிந்துகொண்டே, அட்வான்ஸ் கேட்டாள்.

"பதினோரு வருஷத்துல மொத தடவை வாயத் தொறந்திருக்கே, காலண்டரு. என்ன, தேதி தப்பிடுச்சா?" என்றார் அவர்.

"தப்ப வெச்சுட்டாங்க ஐயா."

சனிக்கிழமை பத்து மணிக்கெல்லாம் ஜன்னல் முன்னால் நின்றாள். கண்ணாடி அம்மா எண்ணி வாங்கி, ரசீதில் முத்திரை குத்தி, "பொழச்சுது போங்க" என்றாள். அவள் அந்த ரசீதை இரண்டாக மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி. கணவன் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தான். அப்டேட்டு இரண்டாம் தடவை வாங்கிக்கொண்டிருந்தான். மகள் ஓரமாகப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். தட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கணவனின் போன் அதிர்ந்து, நடுங்கி, கூவியது.

'இன்சூரன்ஸ் – நாளை கடைசி நாள்.'

"பாத்தீங்களா!" என்று தொடையில் தட்டினான் அப்டேட்டு. "ஒரு செகண்டு தப்பல! அண்ணி, நீங்கதான் நம்பவே மாட்டேன்னீங்க!"

"ஆமாடா, கரெக்டா அடிக்குது," என்றான் கணவன். அப்புறம் கொஞ்ச நேரம் மென்றுவிட்டு, "பணம் கொண்டாந்திருக்கியா?" என்றான்.

"அது வந்துண்ணே... இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. நாளைக்கு ஒருத்தர்கிட்ட கேட்டிருக்கேன். சாயங்காலத்துக்குள்ள—"

"சாயங்காலம் ஆபீஸ் மூடிடுவானே?"

"ஒரு நாள்ல என்னண்ணே ஆயிடப் போகுது. பாத்துக்கலாம்."

"பாத்துக்கலாம்," என்றான் கணவனும், பழக்கதோஷத்தில்.

அவள் ரசீதை எடுத்து, போனுக்குப் பக்கத்தில், எண்ணெய் படாத இடமாகப் பார்த்து வைத்தாள். கணவன் எடுத்துப் படித்தான். இரண்டு தடவை படித்தான்.

"கட்டிட்டியா? ஏது பணம்?"

"பாப்பாவோட ஸ்கூல் பணம்."

மகள் எழுதுவதை நிறுத்தினாள்.

கணவன் முகத்தில் ஒரு நொடி என்னவோ ஓடியது. அது நிற்கும் என்று அவள் எதிர்பார்த்தாள். நிற்கவில்லை. "சரி, அப்ப கட்டியாச்சு. ஒண்ணும் ஆகலையே! எதுக்கு முகத்தை அப்பிடி வெச்சிருக்கே," என்று இன்னொரு கவளம் எடுத்தான்.

"அப்பாடா," என்றான் அப்டேட்டு. "அப்ப என் காசுக்கு அவசரமில்ல. ஸ்கூலுக்கு எப்போ? அதையும் போன்ல போட்டிருக்கேன், மொத நாள் அடிக்கும்."

பிரிட்ஜைத் திறந்த அன்றைக்கு வந்த அதே நாற்றம் அவளுக்கு இப்போது வந்தது. பிரிட்ஜ் சுத்தமாகத்தான் இருந்தது. இரண்டு பேரும் கவலை தீர்ந்த முகத்தோடு மென்றுகொண்டிருந்தார்கள். உதட்டோரம் எண்ணெய் மினுங்கியது. ஆகாமல் தடுத்த ஒருத்தி எதிரே நிற்கும்போது, 'ஒண்ணும் ஆகலையே' என்று அவளிடமே சொல்லும் வாய்கள்.

"ஆகாம நான் பண்ணேன்," என்றாள். குரல் சின்னதாகத்தான் வந்தது. ஆனால் இரண்டு பேரும் மெல்லுவதை நிறுத்தினார்கள். "நேத்து பன்னெண்டு மணிக்குள்ள. தையலைப் புடிச்சுக்கிட்டு வரிசையில நின்னு. நாளைக்கு இவன் சாயங்காலம்னு சொல்லிக்கிட்டிருக்கான், கேட்டீங்கள்ல? உங்களுக்கு சர்க்கரை. இது போயிருந்தா இன்னொண்ணு கிடையாது. ரோட்டுல உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, எனக்கும் இவளுக்கும் இவன் அலாரத்தைத்தான் வெச்சுக்கிட்டு உக்காரணும்."

கணவன் கையிலிருந்த கவளத்தைத் தட்டிலேயே வைத்தான்.

அவள் சமையல் துணியை நனைத்து, கணவனின் போனை அழுந்தத் துடைத்தாள். பிறகு மகளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஒவ்வொரு பில்லாகத் திறக்கச் சொன்னாள். தேதிக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் இருந்தது. 'எத்தனை நாள் முன்னதாக?' நாலு பில்லிலும் அதில் ஒன்று என்றே இருந்தது.

"இந்த எண்ணை மாத்த முடியுமா?"

"தட்டினா மாறும்மா."

"தம்பி, இது உனக்குத் தெரியாதா?"

அப்டேட்டு எட்டிப் பார்த்தான். "அது அதுவாவே ஒண்ணுன்னு வரும் அண்ணி. நான் தொடல."

"தொடல," என்றாள் அவள். அவ்வளவுதான் சொன்னாள். அவளே விரலை வைத்து மாற்றினாள். வாடகைக்கு இரண்டு. மின்சாரத்துக்கு ஏழு. பள்ளிக்கு நாற்பது. இன்சூரன்ஸுக்கு அறுபது; அதன் தேதியையும் பழையபடி சலுகைக்கு முந்தின மாத ஒன்பதுக்கே கொண்டுபோனாள். சின்ன எழுத்தில் இருந்த சலுகை நோட்டீஸின் போட்டோவை மகளிடம் சொல்லி அழிக்க வைத்தாள்.

"உன் போனைக் குடு," என்றாள் கொழுந்தனிடம்.

"இதுலயும் போடணுமா?" என்று சிரித்துக்கொண்டே நீட்டினான். போன மாதம் வாங்கிய புதுப் போன், கண்ணாடி மாதிரி மினுங்கும்.

அவள் அதை வாங்கி, அணைத்து, ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டாள். ரசீதுகளோடு ஒட்டக் கூடாது என்று, டப்பாவில் ஒரு ஓரமாக வைத்து மூடினாள்.

"அண்ணி! என்ன வெளையாட்டு இது? கடையில என்ன சொல்லுவேன்?"

"அந்த ரெண்டு பெட்டியில ஒண்ணை எடுத்து வெச்சுக்கோ. நல்லா தொடச்சுட்டு காதுல வை. பாப்பாவோட பணம் வந்ததும் இதை வாங்கிக்கோ. முப்பத்தெட்டு நாள் இருக்கு."

"அண்ணே, பாருண்ணே!"

அண்ணன் பார்த்தான். தம்பியையும் பார்த்தான், டப்பாவையும் பார்த்தான், பிறகு மகள் முகத்தைப் பார்த்தான். "குடுத்துட்டு வாங்கிக்கோடா," என்று எழுந்து கை கழுவப் போனான். அவள் கல்யாணம் ஆகி வந்த இத்தனை வருஷத்தில் தம்பியின் பேச்சை அவன் தட்டியது அதுதான் முதல் தடவை. அதற்காகச் சந்தோஷப்பட வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. சந்தோஷம் வரவில்லை. அவன் தட்டில் மிச்சம் வைத்திருந்ததை வழித்துக் குப்பையில் போட்டாள்.

அப்டேட்டு மறுநாளே பாயைச் சுருட்டிக்கொண்டு போனான். மூன்று ஜோடி செருப்பில் ஒரு ஜோடியை மறந்துவிட்டான். பத்தொன்பதாம் நாள், இரண்டு பெட்டிகளையும் நஷ்டத்துக்குத் தள்ளிவிட்டு, பணத்தைக் கொண்டுவந்தான். நோட்டுகள் கசங்கி, அந்த போன்களின் வாடையோடு இருந்தன. அவள் எண்ணிப் பார்த்து, ஒன்று குறைகிறது என்றாள். அவன் பையைத் துழாவி அதையும் கொடுத்தான். போனை எடுத்து நீட்டினாள். வாங்கியதும் அவன் முதலில் செய்தது, அதைச் சட்டையில் தேய்த்துத் துடைத்தது.

பள்ளிக் கட்டணத்தில் குறைந்த கால்வாசியை அடுத்த சம்பளத்தில் நிரப்பினாள். மேஸ்திரியின் அட்வான்ஸைச் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். பள்ளி ஜன்னல் திறக்கும் நேரத்துக்கு, ஒரு வாரம் முன்பே சொல்லிவைத்த லீவில், மகளோடு போய்க் கட்டினாள். கடைசித் தேதிக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

திரும்பி வரும் வழியில் காகிதக் கடையில் ஒரு காலண்டர் வாங்கினாள். வருஷத்தில் பாதி போய்விட்டதால் பாதி விலைக்குக் கொடுத்தார்கள். போன மாதங்களின் தாள்களை அங்கேயே கிழித்துவிட்டு, அடுப்படி ஆணியில் மாட்டினாள். செருப்பு வைக்கும் இடத்துக்கு எட்டாத உயரம். பென்சிலை நாக்கில் தொட்டுப் புள்ளி வைக்கத் தொடங்கினாள்.

"போன்லதான் எல்லாம் சரியா போட்டாச்சே," என்றான் கணவன், வாசலில் நின்று. "அப்புறம் இது எதுக்கு?"

அவள் திரும்பவில்லை. "அது அடிக்கும்போது நீங்க வண்டி ஓட்டிக்கிட்டிருப்பீங்க."

அவன் வாயைத் திறந்தான். என்ன வரப்போகிறது என்று அவளுக்குத் தெரியும். பென்சிலைப் பிடித்தபடி காத்திருந்தாள். அவன் வாயை மூடிக்கொண்டு, செருப்பைத் தேடப் போனான்.